தெலுங்கு டேப்லெட்டும் குளிராத ஏசியும்

திருப்பதியில் தங்கிய ஹோட்டல் அறையில் விளக்கு, திரைச்சீலை, ஏசி எல்லாவற்றையும் இயக்கும் கட்டிலோர டேப்லெட் முழுக்கத் தெலுங்கு. விளக்கையும் திரைச்சீலையையும் படம் பார்த்தே சமாளித்தோம். திரைச்சீலைக்கு நடுவில் இரண்டு கோடு போட்டிருப்பது நிறுத்தும் பொத்தான்.

ஏசிதான் படுத்திவிட்டது. 22 வைத்தும் புழுக்கம். "மெஷின் ரிப்பேர்டா" என்றார் சித்தப்பா. திரையில் எரிந்தது விசிறிப் படம். அந்த நிலையில் வெறும் காற்றுதான் வரும். எண்ணை எவ்வளவு குறைத்தாலும் அறை குளிராது. பனிப்பூ மாதிரி இருப்பதுதான் குளிர்ச்சிக்கு. நீர்த்துளி ஈரத்தைக் குறைக்க, சூரியன் சூடேற்ற (திருப்பதியில் அது யாருக்கு வேண்டும்!). பனிப்பூவைத் தொட்டதும் உடனே குளிராது. கம்ப்ரசர் கிளம்பச் சில நிமிடம் ஆகலாம்.

சரி, குளிர ஆரம்பித்தது. அரை மணியில் மறுபடி நின்றது! சித்தி துணி காயப்போடப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். பல ஹோட்டல்களில் அந்தக் கதவில் சென்சார் இருக்கும். திறந்திருந்தால் ஏசியை நிறுத்திவிடும். கதவைச் சாத்தினோம், தானே ஓடியது.

மொழியை மாற்ற, பல்சக்கரம் அல்லது பூமி உருண்டைப் படத்தைத் தேடுங்கள். உள்ளே ஒவ்வொரு மொழியின் பெயரும் பெரும்பாலும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். அங்கே தமிழ் இல்லை, ஆங்கிலம் இருந்தது. சில இடங்களில் இதைப் பூட்டி வைத்திருப்பார்கள், அப்போது வரவேற்பில்தான் கேட்க வேண்டும்.