நகையை எடுத்தது நீங்கதான்

"அப்ப நான் செஞ்சது தப்பில்லைன்னு சொல்றீங்களா மேடம்?" என்று என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர் கேட்டார். "இல்லை. நகையை எடுத்தது நீங்கதான்" என்றேன். நடந்தது இவ்வளவுதான், ஆனால் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் இதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருணையை மையமாக வைத்த உளசிகிச்சையான சி.எஃப்.டி. செய்கிற நம்மில் பலருக்கு இந்த இடம் ஒருநாள் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் போடுகிற சின்னப் பட்டறை வைத்திருந்தவர். பெரிய ஆர்டர் ஒன்றை நம்பிக் கடன் வாங்கி, ஆர்டர் கைவிட்டுப்போனதும் இந்தப் பக்கத்தில் ஆச்சி என்று கூப்பிடுகிற கூடப்பிறந்த அக்காவின் நகையை அவருக்குச் சொல்லாமல் எடுத்து அடகு வைத்திருக்கிறார், திருப்பி வைத்துவிடலாம் என்ற நினைப்பில்தான். வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்துக்குப் போனபிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. வளவில் எல்லாரும் இருக்கும்போது சித்தப்பா, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டது இன்றுவரை காதில் ஓடுகிறது என்றார். குரல் சித்தப்பாவுடையது, ஆனால் இப்போது பேசுவது அவரே. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சாப்பாட்டில் கைவைக்கும்போது.

சுயவிமர்சன அளவுகோலில் (அந்த 22 கேள்விகள்தான்) மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 'நான் போதாதவன்' என்பது ஒரு பகுதி, 'என்னையே வெறுக்கிறேன்' என்பது வேறு பகுதி, 'என்னை நானே தேற்றிக்கொள்வேன்' என்பது மூன்றாவது. இவருக்கு இரண்டாவது ஏறியும் மூன்றாவது கிட்டத்தட்ட இல்லாமலும் இருந்தது. கேள்வித்தாள் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: "அந்தக் குரலுக்கு உங்க மேல என்ன உணர்ச்சி?" என்று கேளுங்கள். ஏமாற்றம், எரிச்சல் என்று பதில் வந்தால் ஒரு மாதிரி. "அருவருப்பு" என்று வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கவும் வேண்டும். கேட்டேன். எண்ணம் வந்து போவதுண்டு, திட்டம் இல்லை என்றார். மனைவியிடம் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் வழக்கமான வரிசை. அச்சுறுத்தலைக் கவனிக்கிற அமைப்பு, எதையாவது அடையத் துரத்துகிற அமைப்பு, ஆசுவாசம் தருகிற அமைப்பு என்று மூன்று வட்டம் போட்டுக் காட்டினேன். அவரே பேனாவை வாங்கி மூன்றாவது வட்டத்தைப் புள்ளியாக்கினார். மூச்சுப் பயிற்சியில் முதுகை நிமிர்த்தி, பாதத்தைத் தரையில் பதித்து, மூக்கு வழியாக, நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாகக் கொண்டுபோகச் சொல்வோம். கண்ணை மூடிய உடனே அந்தக் குரல் சத்தமாகிவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போராடாமல், கண்ணைத் திறந்து தரையில் ஒரு கல்லைப் பார்க்கச் சொன்னேன். எங்கள் அறையில் இருப்பது ஆத்தங்குடிக் கல்தான். "இதுல சாயம் சரியா விழலை, ஓரத்துல கசிஞ்சிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டார். மூச்சு தானாகவே மெதுவானது.

பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய்யும் பயிற்சியில்தான் நான் எதிர்பாராதது வந்தது. இந்த ஊர்ப்பக்கத்தில் பெரும்பாலானவர்கள் பெரிய வீட்டின் முகப்பையோ வளவையோ சொல்வார்கள். சி.எஃப்.டி.யில் அந்த இடம் அமைதியாக இருந்தால் போதாது, நீங்கள் அங்கே இருப்பதில் அந்த இடத்துக்கே மகிழ்ச்சி என்று நினைத்துப் பார்க்கச் சொல்வோம். "அந்த வீடு என்னைப் பார்த்து சந்தோஷப்படாது மேடம்" என்றார். பங்காளிகளுக்கெல்லாம் பங்கு உள்ள வீடு, அவமானப்பட்டதும் அங்கேதான். கடைசியில் ஊருணிக் கரையைப் பிடித்தோம். அங்கே யாரும் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. அது ஆசுவாசமா, இல்லை ஒளிந்துகொள்ள ஒரு இடமா என்று எனக்கு அப்போதே சந்தேகம், ஆனால் விட்டுவிட்டேன்.

இதற்கு அடுத்து வந்ததுதான் அந்தக் கேள்வி. மூளை நாம் கேட்டு வாங்கியதில்லை, பிறந்த வீடும் நாம் தேர்ந்தெடுத்ததில்லை, அச்சுறுத்தல் வந்தால் மனம் இப்படித்தான் ஓடும், இது உங்கள் குற்றமில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சி.எஃப்.டி.யை உருவாக்கிய பால் கில்பர்ட் வழியில் படித்த எல்லாருக்கும் இந்தப் பகுதி மனப்பாடம். 'குற்றம் இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. இரண்டாவது பாதிக்கு வருவதற்குள் அவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. அப்படியானால் நான் செய்ததும் தப்பில்லையா என்று கேட்டார், நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே ஒருவருக்குத் தீங்கு செய்தவரிடம் 'உங்கள் தப்பில்லை' என்பதை அரைகுறையாக விட்டால், சிகிச்சையாளர் சும்மா சமாதானப்படுத்தத்தான் பேசுகிறார் என்று உள்ளே இருக்கிற அந்தக் குரல் உடனே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்தக் கருணைக்கும் மதிப்பிருக்காது. அவமான உணர்வும் குற்ற உணர்வும் வேறு வேறு. குற்ற உணர்வு ஆச்சியைப் பார்க்கிறது: அவருக்கு என்ன ஆயிற்று, என்ன செய்து சரிக்கட்டலாம்? அவமானம் தன்னைப் பார்க்கிறது: நான் எவ்வளவு கேவலம், யார் கண்ணிலும் படக்கூடாது. ஒருவர் எதில் இருக்கிறார் என்று அறிய, "அந்த நினைப்பு வரும்போது உடம்பு என்ன செய்யப் பார்க்குது?" என்று கேட்பேன். ஒளியப் பார்த்தால் அவமானம், எழுந்து போய் எதையாவது செய்யப் பார்த்தால் குற்ற உணர்வு. தப்பை மறுத்தால் அவமானத்தோடு சேர்த்துக் குற்ற உணர்வையும் பிடுங்கிவிடுகிறோம், அவரிடம் இருந்த ஒரே நல்ல பிடிமானம் அதுதான்.

சரி, இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொன்ன குரல் எப்படி இருந்தது? கில்பர்ட் இந்த முறைக்கு வந்து சேர்ந்ததே, நோயாளிகள் சரியான மாற்றுச் சிந்தனையைக்கூடத் தங்களுக்குள் குத்தலான தொனியில் சொல்லிக்கொள்வதைக் கவனித்ததால்தான். வார்த்தையைவிடத் தொனி முக்கியம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அந்த நிமிடத்தில் மென்மையாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே மீதி நேரத்தைக் கழித்தார். அடுத்த வாரம் வரவில்லை. போன் செய்தேன், வேலை இருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் வந்தபோது, "நீங்க சொன்னது சரிதான், ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லை" என்றார். இந்த இரண்டில் எதை நான் கணக்கில் எடுப்பது?

அன்றைக்கு நாற்காலிப் பயிற்சி செய்தோம். மூன்று நாற்காலி: திட்டுகிறவர், திட்டு வாங்குகிறவர், கருணையுள்ளவர். முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் தோளே அகலமாகிவிட்டது. கொஞ்சம் திட்டவிட்டு, "திட்டுறதை நிறுத்தினா என்ன ஆயிடும்னு பயப்படுற?" என்று அந்தக் குரலிடமே கேட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் தவறவிடாதீர்கள். குரலோடு வாதாடினால் அது தோற்காது, அதன் பயத்தைக் கேட்டால் பதில் சொல்லும். "மறந்துடுவான். மறந்துட்டு எல்லாரோடும் சிரிச்சுப் பேசிட்டுத் திரிவான்" என்றது.

மூன்றாவது நாற்காலிக்கு நேராகத் தாவக்கூடாது. எழுந்து நின்று, மூச்சைச் சரிசெய்து, முகத்தைத் தளர்த்தி, இப்படிப்பட்டவர் எப்படி நடப்பார், எப்படிக் குரல் கொடுப்பார் என்று உடம்பில் வரவழைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நடிப்பு மாதிரி இருக்கிறது என்றார். நடிப்புதான், பரவாயில்லை என்றேன். அங்கே உட்கார்ந்து திட்டுகிற நாற்காலியைப் பார்த்து, "நீ மறக்கவிடாம பாத்துக்கிட்டே, சரி. ஆனா உன்னாலதான் நான் ஆச்சி வீட்டுப் பக்கமே போகலை, படைப்புக்குக்கூடப் போகலை" என்றார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. மறக்கக்கூடாது என்று காவல் நின்ற குரல்தான், சரிக்கட்ட வேண்டியவரிடமிருந்தும் அவரைத் தள்ளியே வைத்திருந்தது.

இங்கே முடிந்திருந்தால் பயிற்சி வகுப்பில் சொல்ல நல்ல கதை. அவர் ஆச்சியைப் போய்ப் பார்த்தார், மாதாமாதம் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார். ஆச்சி காபி போட்டுக் கொடுத்து, "விடுப்பா, போனது போகுது" என்றாராம். திரும்பி வந்தவர் முன்னைவிட மோசமாக இருந்தார். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்." கருணையைக் கண்டு வரும் பயத்தை அளக்க 2011-ல் வந்த அளவுகோல்கள் மூன்று: பிறருக்குக் காட்டுவதில், பிறரிடமிருந்து வாங்குவதில், தனக்குத்தானே காட்டுவதில். நான் மூன்றாவதையே பிடித்துக்கொண்டிருந்தேன், அவரை அடித்துப்போட்டது இரண்டாவது. ஆளில்லாத ஊருணிக் கரையை அவர் தேர்ந்தெடுத்ததிலேயே அது இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் பின்னால் பார்த்தால் எல்லாமே தெரிந்த மாதிரித்தான் தோன்றும்.

இப்போது செய்துகொண்டிருப்பது ரொம்பச் சின்னப் பயிற்சி. ஆச்சி சொன்ன அந்த வாக்கியத்தை ஆச்சியின் குரலிலேயே மனத்துக்குள் கேட்டு, எத்தனை மூச்சு வரை உள்ளே வைத்திருக்க முடிகிறது என்று பார்ப்பது. தொண்டை இறுகினால் கல்லின் ஓரத்துக்குத் திரும்பி, மூச்சு பழையபடி வந்ததும் மறுபடி முயல்வது. மூன்று மூச்சு தாங்குகிறது, சில நாள் அதுவும் இல்லை.

மதுரையில் இருக்கும் சக சிகிச்சையாளர் ஒருவர், அவர் செய்தது தப்புதான் என்று நான் அன்று ஒத்துக்கொண்டது சீக்கிரம், ஆசுவாச அமைப்பு கொஞ்சமாவது பழகியபிறகு சொல்லியிருக்கலாம் என்கிறார். பட்டறைக்காரர் கேட்டது அன்றைக்குத்தானே, தள்ளிப்போட்டால் அதுவும் ஒரு பதில்தானே என்று நான் சொல்கிறேன். இந்த வாதம் முடியவில்லை. அடுத்து கருணைக் கடிதத்துக்குப் போகலாம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம். ஆனால் அதை அவர் தனக்கு எழுதுவதா, ஆச்சி தனக்கு எழுதுவதுபோல எழுதுவதா என்பதில் மறுபடி ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.