முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்

கிளிநொச்சியில வாடகை வீட்டை விட்டுப்போன ஒருத்தர் எழுதின கடிதத்தை இண்டைக்கு வாசிச்சன். அறுபதாயிரம் முற்பணம். வீட்டுக்காரர் பெயின்ற் அடிக்க 35,000, உடைஞ்ச யன்னல் கண்ணாடிக்கு 2,500, கடைசிக் கரண்ட் பில் 1,840 எண்டு கழிச்சு, 20,660 தான் குடுத்தவராம்.

கண்ணாடியையும் பில்லையும் கடிதம் எழுதினவர் முதல் வரியிலேயே ஒத்துக்கொள்ளுறார். அதாலதான் மிச்சக் கதை எடுபடுது.

பெயின்றுக்கு அவர் எழுதினது இது: "நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரைதான் பெயின்ற் உரிந்துள்ளது. விரலால் தடவினால் வெள்ளை உப்பு ஒட்டுகிறது. மேல் சுவரில் சேதமில்லை."

அது ஓதம். நிலத்து ஈரம் சுவருக்குள்ள ஏறிக் காயேக்க, உப்பு வெளியில வந்து பெயின்றைத் தள்ளும். இருந்த ஆக்கள் செய்யிற சேதம் இப்பிடி ஒரே மட்டத்தில நிக்காது. ஈரத்தை மறிக்காமல் மேல பெயின்ற் அடிச்சால் திரும்பவும் உரியும், அந்தச் செலவு வீட்டுக்காரருக்குரியது.

கேட்டது 35,000 மட்டும், 14 நாள் தவணை. திறப்புக் குடுத்த அண்டு எடுத்த சுவர்ப் படங்களும் ஒப்பந்தப் பிரதியும் இணைப்பு. பதிவுத் தபாலில அனுப்பி, பற்றுச்சீட்டை வைச்சிருக்கிறார். பதில் வராட்டி மத்தியஸ்த சபைக்கு அதே கடிதக் கட்டோட போகலாம்.