எட்டுப் படம், ஒரு பெயர்: நாலாவது முயற்சி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலையும் அதன் மதகையும் வைத்து எட்டு நீர்வண்ணப் படங்கள் முடித்துவிட்டேன். வரைய ஆறு மாதம் ஆனது. பெயர் வைக்க இன்னொரு இரண்டு மாதம் போகும் என்று நினைக்கவில்லை.

எட்டில் ஒன்றில்கூட ஆள் கிடையாது. மதகுப் பலகை, கரையில் மடித்து வைத்த துண்டு, சாய்த்து வைத்த மண்வெட்டி, எரியும் டார்ச், இவ்வளவுதான். மூன்று படங்களில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மூன்றில் கணுக்கால் அளவு, கடைசி இரண்டில் வெறும் சேறு.

முதலில் வைத்த பெயர் ‘கண்ணீர்க் காவிரி’. வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டி, மேலே பெயரை எழுதி, வந்தவர்களைக் கவனித்தேன். பெயரைப் படித்தார்கள், "பாவம்தான்" என்றார்கள், காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். என்ன உணர வேண்டும் என்று பெயரே சொல்லிவிட்டால் படத்தில் தேட என்ன மிச்சம்?

சரி என்று எதிர்ப்பக்கம் போனேன். ‘பெயரில்லாதவை, 1 முதல் 8 வரை’. இப்போது எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இது எந்த ஊர் மதகு?" வெறும் எண்ணைக் கொடுத்ததும் பார்ப்பவர் அடையாளம் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிடுகிறார். துண்டை ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாவது ‘கடைமடை’. இது எனக்குப் பிடித்த சொல். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அந்த ஏக்கம் முழுக்க இந்தச் சொல்லில் இருக்கிறது. அதுவே தொந்தரவாகவும் ஆனது. டெல்டாக்காரர்கள் பெயரைப் பார்த்ததும் அணை, வழக்கு, எந்த ஆட்சி என்று பேச ஆரம்பித்தார்கள். தவிர, தண்ணீர் நிறைய ஓடும் முதல் மூன்று படங்கள் இந்தப் பெயருக்குக் கீழே நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பெயர் தோன்றினாலும் அதை ஒவ்வொரு படத்துக்கும் அருகில் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு படத்தில் தட்டினாலும் விட்டுவிடுகிறேன்.

நாலாவது பெயர் பெரியப்பா வாயிலிருந்து வந்தது. ராத்திரி எதற்கோ மதகுப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். "இன்னைக்கு நம்ம முறை இல்லடா" என்றார்.

‘முறை’. தண்ணீர் குறையும்போது வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். நம் முறை நடுராத்திரி வந்தால் நடுராத்திரி போய் உட்கார வேண்டும். அதே சொல்லுக்கு ஒழுங்கு, நியாயம், உறவு என்றும் பொருள் உண்டு. நிறையத் தண்ணீர் ஓடும் படத்தில் அது நமக்கு வந்த முறை, சேற்றுப் படத்தில் வராத முறை. எட்டும் உள்ளே அடங்கின.

ஆனால் சென்னை நண்பர் ஒருவர் இதைச் ‘செய்முறை’ என்கிற பொருளில் எடுத்துக்கொண்டார். இன்னொரு துப்பு வேண்டியிருந்தது. தனிப் படங்களுக்கு நான் வைத்திருந்த பெயர்களிலும் கோளாறு இருந்தது. ‘பெரியப்பாவின் துண்டு’ என்று எழுதிய படத்தில் எல்லோரும் துண்டையே பார்த்தார்கள். மதகுச் சுவரில் தண்ணீர் இறங்கிய ஈரக்கோட்டை மெனக்கெட்டு வரைந்திருந்தேன், அது வீணாகப் போனது. படத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பெயரிலும் சொன்னால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

அதனால் பொருட்பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் வைத்தேன். ‘முறை: மாலை 6’, ‘முறை: இரவு 11’, ‘முறை: இரவு 2’. இரண்டு மணிக்கு வாய்க்கால் கரையில் துண்டும் டார்ச்சும் ஏன் கிடக்கின்றன என்று பார்ப்பவரே யோசிக்கிறார். அந்த நண்பருக்கும் இப்போது புரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

பெயருக்கு ஓர் எல்லை இருப்பதும் தெரியும். ஓவியர் விஸ்லர் 1871-ல் தன் அம்மாவை வரைந்து, நிற அமைப்பைப் பார்க்கட்டும் என்று ‘சாம்பலிலும் கறுப்பிலும் ஓர் அமைப்பு, எண் 1’ என்று பெயரிட்டார். உலகம் அதை ‘விஸ்லரின் அம்மா’ என்றுதான் சொல்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் படத்தில் பெயரால் கண்ணைத் திருப்புவது கஷ்டம். என் படங்களில் ஆள் இல்லாதது தற்செயலாக அமைந்த வசதி.

தொடரின் பெயரை நுழையும் இடத்தில் ஒருமுறை மட்டும் பெரிதாக எழுதினேன். படத்துக்குக் கீழே சிறிய அட்டையில் நேரமும் அளவும், அவ்வளவுதான். வரைந்த வரிசையை விட்டுவிட்டு நேர வரிசைப்படி மாட்டினேன்.

போன ஞாயிறு பெரியப்பா வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் ‘இரவு 2’ முன்னால் நின்றுவிட்டார்.

"ரெண்டு மணிக்கு மேலத்தெரு முறைல்ல? நமக்கு மூணுக்குத்தான் திறப்பாங்க."

படத்தைக் கழற்றி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த 2-ஐ அழித்து 3 என்று எழுதினேன். அட்டையை இன்னும் மாற்றவில்லை.