லீட்ஸ் வேலைக்கு ஹட்டனிலிருந்து எழுதிய கடிதம்

2026 மார்ச் 3, செவ்வாய்

பிரித்தானியாவின் லீட்ஸ் நகரக் கம்பனி ஒன்று மென்பொருள் வேலைக்கான முதல் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. விளம்பரத்தில் விசா பற்றி எதுவும் இல்லை. கேட்பதற்கு முன் gov.uk தளத்தில் இருக்கும் ஸ்பொன்சர் பட்டியலைத் திறந்தேன். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அது. அந்த உரிமம் இல்லாத முதலாளி, விரும்பினாலும் நம்மை எடுக்க முடியாது. முதலில் உரிமம் பெற வேண்டும்.

இவர்களின் பெயர் இருந்தது. ஆனால் பெயரோடு நின்றுவிடக் கூடாது, பக்கத்தில் Route என்ற நிரலையும் பார்க்க வேண்டும். சில கம்பனிகளிடம் Global Business Mobility மட்டும்தான் இருக்கும். அது அவர்களுடைய வெளிநாட்டுக் கிளை ஊழியர்களை அழைப்பதற்கு. புதிதாகச் சேரும் எனக்கு உதவாது. இவர்களிடம் புதியவர்களை எடுப்பதற்கான Skilled Worker இருக்கிறது. நல்லது.

மார்ச் 4, புதன்

பண்டாரவளை அக்கா கொழும்பில் ஆட்சேர்ப்பு வேலை பார்க்கிறவர். கம்பனிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “ஸ்பொன்சர் செய்வீங்களான்னு பொதுவா கேட்காத தம்பி. கம்பனி செய்யும், இந்த இடத்துக்குச் செய்யாது. அப்படி எத்தனையோ இருக்கு” என்றார். திருத்தி அனுப்பியது இப்படி:

“நேர்முகத்துக்கு அழைத்ததற்கு நன்றி. நான் இலங்கையில் வசிக்கிறேன்; பிரித்தானியாவில் வேலை செய்யும் அனுமதி தற்போது என்னிடம் இல்லை. உங்கள் நிறுவனம் Skilled Worker உரிமம் பெற்றிருப்பதைப் பார்த்தேன். இந்தப் பதவிக்கு, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஸ்பொன்சர் சான்றிதழ் வழங்குவீர்களா? இடம்பெயர உதவி உண்டென்றால் எந்தச் செலவுகள் அதில் அடங்கும்?”

அனுமதியையும் உதவியையும் தனித்தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முதலாவது இல்லையென்றால் வேலையே இல்லை. இரண்டாவதைப் பேசித் தீர்க்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

பதில் வந்தது. சான்றிதழ் வழங்குவார்கள். இடம்பெயர 3,000 பவுண், முதல் சம்பளத்தோடு.

அந்தக் கடைசிச் சொற்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. பிரித்தானிய அரசு விசாவோடு அறவிடும் சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண். மூன்று வருட விசா என்றால் 3,105. அதை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுதாகக் கட்ட வேண்டும். விசாக் கட்டணம், விமானச் சீட்டு வேறு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டச் சம்பளம். பிறகு கிடைக்கும் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்கச் சொல்ல என்னால் முடியாது. அதனால் மறுபடி எழுதினேன்: “சுகாதாரக் கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்த முடியுமா? இடையில் விலகினால் எதைத் திருப்பித் தர வேண்டும்?”

மார்ச் 10, செவ்வாய்

சுகாதாரக் கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள். அதற்குப் பதிலாக அந்த 3,000 பவுண் கிடைக்காது. எனக்குச் சரி. ஒரு வருடத்துக்குள் விலகினால் மிச்ச மாதங்களுக்கு உரியதைத் திருப்பித் தர வேண்டுமாம். அதுவும் நியாயம்தான். ஆனால் நியமனக் கடிதம் வந்தால் திருப்பித் தர வேண்டிய செலவுகளின் பட்டியலை வரி வரியாக வாசிப்பேன். முதலாளி அரசுக்குக் கட்டும் குடிவரவுத் திறன் கட்டணம் அதில் இருந்தால் நீக்கச் சொல்லிக் கேட்பேன். அதை ஊழியரிடம் அறவிட அங்கே அனுமதி இல்லை.