கூரையில் ஒரு பண்டுங் கறை

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கூரையில், மூன்றாவது மேசைக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு கறை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ ரசாயனம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். ரசாயனம் இல்லை. பண்டுங் கலக்கப் பாலில் ஊற்றும் ரோஸ் சிரப். அதை அங்கே ஏற்றியவன் நான்தான்.

நான் சிங்கப்பூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். மாணவர்கள் செய்யப்போகும் சோதனையை ஒரு நாள் முன்னதாக நான் செய்து பார்த்து, சரியான விடை வருகிறதா என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் வந்தது காற்றின் காமா. காற்றை மூடிய பாத்திரத்தில் வைத்து ஒரு டிகிரி சூடாக்க ஒரு அளவு வெப்பம் வேண்டும். விரியவிட்டுக்கொண்டே அதே ஒரு டிகிரி சூடாக்க அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் விரிகிற காற்று சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது காமா. காற்றுக்கு 1.40.

இதைக் கண்டுபிடிக்க அடுப்பே வேண்டாம் என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு. பத்து லிட்டர் கண்ணாடிக் குடுவை, வாயில் ரப்பர் அடைப்பான், அதில் மூன்று துளை. ஒன்றில் காற்றடிக்கும் குழாய், ஒன்றில் அகலமான வால்வு, ஒன்றில் U வடிவக் கண்ணாடிக் குழாய். U குழாயில் நிறமேற்றிய தண்ணீர். அலமாரியில் சாயம் தீர்ந்துபோயிருந்ததால் கேண்டீனில் போய் இரண்டு ஸ்பூன் ரோஸ் சிரப் கேட்டு வாங்கி வந்தேன். கணக்கில் உயரங்களின் விகிதம் மட்டுமே வருவதால் திரவத்தின் அடர்த்தி மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும். சிரப் கலந்தாலும் காமா மாறாது. இதை நினைத்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை சைக்கிள் பம்பை எடுக்கும் வரை நீடித்தது.

நமக்கு வேண்டியது தண்ணீர் இருபது சென்டிமீட்டர் ஏறும் அளவு அழுத்தம். அது வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு சதவீதம்தான், அதாவது பத்து லிட்டர் குடுவைக்குக் கூடுதலாக இருநூறு மில்லி காற்று. சைக்கிள் பம்பு ஓர் அழுத்தில் கிட்டத்தட்ட அவ்வளவையும் தள்ளிவிடும். நான் டயருக்கு அடிக்கிற ஞாபகத்தில் மூன்று அழுத்து அழுத்தினேன். U குழாயில் இருந்த பண்டுங் தண்ணீர் மொத்தமும் ஒரே தாவாகக் கூரைக்குப் போனது. கொஞ்சம் என் சட்டைக்கும் வந்தது.

சத்தம் கேட்டு எங்கள் சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, அது காத்தளக்கிற சோதனை. டயர் கடை இல்ல" என்று சொல்லிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் குமிழைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் நாலைந்து முறை பிசைந்தால் போதும்.

சட்டையும் குடுவையும் ஒட்டுவதால் இரண்டையும் கழுவினேன். சட்டையைக் காயப் போட்டேன். குடுவையை மட்டும் கவிழ்த்து இரண்டு உதறு உதறி, அடைப்பானை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை U குழாயில் மறுபடி சிரப் தண்ணீர் ஊற்றி, குமிழைப் பிசைந்தேன். தண்ணீர் 23 சென்டிமீட்டர் காட்டியது. அமுக்கப்பட்ட காற்று சூடாகும் என்பதால் அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மெதுவாக இறங்கி 19.6-இல் நின்றது. இது h1. அப்புறம் வால்வைத் திறந்து, 'புஸ்' என்ற சத்தம் அடங்கிய கணத்தில் மூட வேண்டும். ஒரு நொடிகூட ஆகாது. காற்று திடீரென்று விரிந்து வெளியேறும்போது உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்துவிடும். சுவரிலிருந்து வெப்பம் வாங்க அதற்கு நேரம் கிடையாது. மூடிய பிறகு அது சாவகாசமாக அறை வெப்பத்துக்கு வரும்போது தண்ணீர் மறுபடி கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றம் h2. எவ்வளவு குளிர்ந்தது என்பதற்குக் குடுவை தரும் ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒரே வரிதான்:

γ = h1 / (h1 − h2)

h1 19.6 என்றால் h2 5.6 வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது 2.5. அதாவது 19.6 / 17.1, காமா 1.15. திரும்பச் செய்தேன். 20.2, அப்புறம் 2.8. காமா 1.16. எனக்குக் காற்று சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் கசிவைச் சந்தேகித்தேன். காது வைத்துக் கேட்கலாம் என்று குடுவையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கசிவுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் U குழாயில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது! ஒரு சென்டிமீட்டர் போல ஏறியதும்தான் உறைத்தது, என் உடம்புச் சூடு. உள்ளே காற்று ஒரு டிகிரி சூடேறினாலே மூன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். நாம் தேடும் ரசீதே ஐந்தரை சென்டிமீட்டர்தான். ஆக, இந்தச் சோதனையில் குடுவையைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. ஏர்கானுக்கு நேர் கீழேயும் வைக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்திருந்தேன்.

குடுவையை ஏர்கான் காற்று படாத மூலைக்கு மாற்றினேன். 1.16. அண்ணன் பால் கலக்காத தே ஓ டீ பொட்டலத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். "கசிவு இல்ல தம்பி. கசிஞ்சா எறங்கிக்கிட்டே இருக்கும். உனக்கு எறங்கி ஒரு எடத்துல நின்னுடுச்சுல்ல?" நியாயம்தான். சூடு ஆறுகிற இறக்கம் போகப்போக மெதுவாகி நிற்கும், கசிவுக்கு நிற்கத் தெரியாது. அடுத்து என் கையைச் சந்தேகித்தார். வால்வை அதிக நேரம் திறந்து வைத்தால் குளிர்ந்த காற்று திறந்திருக்கும்போதே சுவரிலிருந்து சூடு வாங்கிவிடும், ரசீது குறையும், காமா குறையும். அவசரமாக மூடினால் அழுத்தம் முழுதும் இறங்காமல் h2 வீங்கி, காமா 1.6 என்றெல்லாம் வரும். "நீ லிப்ட் கதவு மாதிரி திறந்து வைக்கிற" என்றார். அவரே செய்தார், சுண்டுவதுபோல. 1.17.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் குடுவையைப் பார்த்தோம்.

கடைசியில் கண்டுபிடித்தது கைப்பேசி. அடுத்த முறை h2-வைச் சரியாகப் படிக்கலாமே என்று அதன் டார்ச்சைப் போட்டுப் பிடித்தேன். வால்வைத் திறந்த அந்தக் கணத்தில் குடுவைக்குள் வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. குளிர்ந்த கூடத்திலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடியில் படியுமே, அந்த மாதிரி ஒரு மூட்டம், குடுவை முழுக்க. சில நொடிகளில் கரைந்துபோனது.

"மேகம்!" என்றேன்.

அண்ணன் குடுவையைச் சாய்த்து அடியைப் பார்த்தார். ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர். "கழுவுனியா?" "ஆமாண்ணே." "தொடச்சியா?" நான் கூரையைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். அடைத்துவைத்த குடுவையில் அந்தச் சொட்டுகள் ராத்திரி முழுக்க ஆவியாகி, காற்று இனி ஒரு துளிகூட ஈரம் தாங்காது என்கிற நிலைக்கு வந்திருந்தது. வால்வைத் திறந்ததும் உலர்ந்த காற்று 1.6 டிகிரி குளிர வேண்டும். ஆனால் கொஞ்சம் குளிர்ந்ததுமே ஆவி துளிகளாகிவிட்டது. ஆவி தண்ணீரானால் உள்ளே அடக்கிவைத்த வெப்பத்தைக் கக்கும். அந்த வெப்பம் குளிர்ச்சியில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. காற்று முக்கால் டிகிரிதான் குளிர்ந்தது, ரசீதும் அந்த அளவுக்குச் சுருங்கியது. மதியம் இடி இடித்து மழை கொட்டும் மேகத்துக்குள் நடப்பதும் இதேதான். நான் அதைப் பத்து லிட்டரில் நடத்திக்கொண்டிருந்தேன்.

வெறும் ஈரப்பதம் மட்டும் இவ்வளவு கெடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊர்க் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு நீராவி இருந்தாலும், அது துளியாகாத வரை காமா 1.40-இலிருந்து 1.397 பக்கம்தான் நகரும். அதை என் U குழாயால் பிடிக்கவே முடியாது. சொட்டுதான் வில்லன்.

இந்தச் சோதனையை 1819-இல் வெளியிட்டவர்கள் கிளெமான், தெசோர்ம் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். மருமகனும் மாமனாரும். பாரிஸில் ஒரு பரிசுப் போட்டிக்குத் தங்கள் வெப்ப ஆய்வுகளை அனுப்பித் தோற்றவர்கள். அவர்களுக்கே 1.35 அளவில்தான் வந்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மாமனாரோடு சேர்ந்து ஒரு வால்வைத் திறந்து மூடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நினைத்தால் 1.35 பெரிய விஷயம்.

குடுவையை உலர்த்த சிலிக்கா ஜெல் வேண்டும். ஸ்டோரில் இருந்தது முழுக்க நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தது, அதாவது ஏற்கெனவே குடித்து முடித்தாயிற்று. ஓவனில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், ஆனால் மணி நான்கு. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார். வீடு இரண்டு நிறுத்தம்தான். அரை மணியில் ஒரு பை நிறையச் சின்னச் சின்னப் பொட்டலங்களோடு திரும்பினார். "எங்கேருந்துண்ணே?" என்றால் பதில் இல்லை.

குடுவையைத் துடைத்து, ஹேர் டிரையரில் ஊதி, பொட்டலங்களைப் பிரித்து மணிகளை உள்ளே கொட்டி, அடைத்து ராத்திரி விட்டோம். காலையில் டார்ச் அடித்தபடி திறந்தேன். மூட்டம் இல்லை. h1 20.1, h2 5.5. காமா 1.377. இன்னொரு முறை 1.375. மீதி 0.02 எங்கே என்றால், அந்தத் திறக்கிற நேரத்துக்குள்ளேயே கண்ணாடிச் சுவர் கொஞ்சம் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. இருபது லிட்டர் குடுவை இருந்தால் இன்னும் நெருங்கலாம். எங்களிடம் இல்லை, மாணவர்களுக்கு 1.38 போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்கு மாணவர்கள் வந்தார்கள். U குழாயின் திறந்த வாயில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. சாயத்துக்குச் சர்க்கரை ஏன் ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பதினொன்றுக்கு அண்ணனின் கைப்பேசி அடித்தது. அண்ணி. ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தீபாவளிக்கு முன்கூட்டியே சுட்டுவைத்த மூன்று டின் முறுக்கும் நமத்துப் போயிருக்கிறதாம். டின்னுக்குள் போட்டிருந்த பொட்டலங்களை யார் எடுத்தது?

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் போனில், "நம்ம ஊர் காத்துல ஈரம் ஜாஸ்திம்மா" என்றார்.