விளக்கின் மஞ்சளும் முகத்தின் மஞ்சளும்

கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருடமாகக் கலர் கரெக்‌ஷன் பார்க்கிறேன். மண்டபத்தில் எடுத்த படங்கள் எனக்குப் பெரிய சிரமம் தருவதில்லை. வீட்டுக் கூடத்தில் எடுத்தவை வந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். இப்போது நிறைய வீடுகளில் வார்ம் ஒயிட் எல்இடி டியூப்லைட் மாட்டுகிறார்கள். அட்டையில் 3000K என்று போட்டிருக்கும். முன்பு எல்லா வீட்டிலும் இருந்த 6500K டியூப்பின் பால் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் இது நன்றாகக் காய்ச்சிய நெய் நிறம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது, கண் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கேமரா அப்படிப் பழகிக்கொள்ளாது.

போன வருடம் ஓர் அக்கா பென் டிரைவோடு வந்தார். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, வீட்டுக் கூடத்தில் குடும்பமாக நின்று எடுத்த 43 படங்கள். எடுத்தது மருமகப் பிள்ளை, அவருடைய சொந்தக் கேமராவில். எல்லாமே JPEG. RAW இருந்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும், ஏனென்றால் அதில் கேமரா இன்னும் நிறத்தை முடிவு செய்திருக்காது. JPEG-இல் முடிவு செய்து, மிச்சத்தைத் தூக்கியும் போட்டிருக்கும்.

“எல்லாரும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கோம் தம்பி. அம்மா கட்டியிருந்தது அரக்குப் பட்டு, இதுல செங்கல் கலர்ல தெரியுது” என்றார்.

மஞ்சள் அதிகமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் நீலம் குறைந்திருக்கிறது. போட்டோஷாப்பில் படத்தைத் திறந்து Ctrl+5 அழுத்தினால் நீலச் சேனல் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். அந்தப் படங்களில் அது இருட்டாக, முகமெல்லாம் மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. சிவப்புச் சேனல் வெளிச்சமாக, மழமழவென்று இருந்தது. நீலத்தை உயர்த்தும்போது இந்த மணலும் சேர்ந்து மேலே வரும். ஆகவே எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இங்கேயே பார்த்துக்கொள்வேன்.

அடுத்த கேள்வி, படத்தில் எது நிறமில்லாத பொருள் என்பது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நிறங்களைக் கோடாக வளைத்துத் திருத்தும் Curves-இல், தொட்ட இடத்தை நிறமில்லாததாக்கும் சாம்பல் ஐட்ராப்பரை எடுத்து நேரே அப்பாவின் வேட்டியில் தொடுவார்கள். நம் ஊர் வேட்டி நீலம் போட்டு அலசியது. அந்த நீலத்தையே நிறமில்லாதது என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதால், திருத்திய பிறகும் முகத்தில் மஞ்சள் மிஞ்சி நிற்கும். போதாததற்கு, வேட்டியின் மடிப்பில் பக்கத்தில் நிற்பவரின் சேலை நிறமும் ஏறியிருக்கும். பல்லும் கண்ணின் வெள்ளையும் நம்பத்தக்கவை அல்ல.

நான் தேடுவது விபூதியை. நெற்றியில் பட்டையாக இட்ட விபூதி சாம்பல்தானே, சொந்த நிறம் மிகக் குறைவு. மெல்லிசாகத் தீற்றியிருந்தால் அடியிலுள்ள தோல் தெரிந்து ஏமாற்றும். கெட்டியாக இருக்கும் நடுப்பகுதியில், Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இந்த அப்பாவின் நெற்றியில் சிவப்பு 228, பச்சை 200, நீலம் 150 இருந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டிய இடம் அது.

ஐட்ராப்பரால் தொட்டு முடித்துவிடாமல் கையால் வளைத்தேன். Curves-இல் நீலக் கோட்டில் 150 இருந்த இடத்தை 192-க்குத் தூக்கினேன். சிவப்பில் 228-ஐ 206-க்கு இறக்கினேன். பச்சையைத் தொடவில்லை. இப்போது விபூதி 206, 200, 192. முழுக்கச் சமமாக்காமல் துளி வெதுவெதுப்பை வேண்டுமென்றே விட்டேன், கூடம் கூடமாகவே தெரியட்டும் என்று. உடனே கவனித்தது முடியை. நீலத்தை நடுவில் தூக்கினால் நிழலும் சேர்ந்து தூக்கப்பட்டு, கறுப்பு முடி மயில்கழுத்து நிறத்தில் மின்னும். நீலக் கோட்டின் அடியில் 35-ஐ 35-லேயே நிற்கும்படி ஒரு புள்ளியை ஊன்றியதும் முடி கறுப்பானது.

அதற்குள் வலதுபக்கம் நின்ற இரண்டு பேரப்பிள்ளைகள் நீலம் பாரித்துப் போயிருந்தார்கள். அந்தப் பக்கம் ஜன்னல். அவர்கள் மேல் பட்டது பாதி டியூப்லைட், பாதி காலை வெளிச்சம். ஒரே திருத்தம் இரண்டு வெளிச்சத்துக்கும் பொருந்தவே பொருந்தாது. திருத்தம் எங்கே எவ்வளவு பட வேண்டும் என்று காட்டும் Curves லேயரின் மாஸ்க்கில், வலது ஓரத்திலிருந்து உள்நோக்கி 50% Opacity-இல் கறுப்பு கிரேடியன்ட்டை இழுத்து, அங்கே திருத்தத்தின் வேகத்தைப் பாதியாக்கினேன். சுவரில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது முக்கியம். கிரேடியன்ட் குறுகலாக இருந்தால் வெள்ளைச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முகங்களில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருப்பதாகப் பட்டது. ஒரு நிறத்தை மட்டும் பிடித்துத் திருத்தும் Selective Color-இல் Yellows எடுத்து, அதில் Yellow-வை -35 வரை இறக்கினேன். திரையில் பளிச்சென்று ஆனது. 43 படத்துக்கும் அதையே போட்டு மாலையில் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “அம்மா முகத்துல மஞ்சளைக் காணோமே தம்பி. அம்மா தினம் மஞ்சள் பூசித்தான் குளிப்பாங்க. சரிகையும் வெள்ளிச் சரிகை மாதிரி இருக்கு.”

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்து மேட்டிலும் மூக்கோரத்திலும் காதுக்கு முன்னாலும் கெட்டியாக இருந்திருக்க வேண்டிய மஞ்சள் சாம்பல் பூத்துக் கிடந்தது. தாலிக்கயிறு வெளிறியிருந்தது. பின்னால் குத்துவிளக்கின் சுடர்கூட வெளுத்திருந்தது. விளக்கிலிருந்து வந்த மஞ்சளை எடுக்கப்போய், அந்த அம்மாவுக்குச் சொந்தமான மஞ்சளையும் எடுத்துவிட்டேன்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. டியூப்லைட்டின் மஞ்சள் பாரபட்சமில்லாமல் எல்லாவற்றின் மேலும் விழும். விபூதி, சுவர், சட்டை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். விபூதி சரியான பிறகும் ஒரு முகம் மட்டும் மஞ்சளாக நின்றால், அது அந்த முகத்தினுடையது. இப்போது Info பேனலில் இரண்டாவது அளவை அச்சு மைகளின் கணக்கான CMYK-க்கு மாற்றி வைத்திருக்கிறேன். நம் ஊர் முகங்களில் மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. மஞ்சள் பூசிய முகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அப்பாவின் முகத்தையோ பிள்ளைகள் முகத்தையோ அளந்து திருத்திவிட்டு, அம்மாவின் முகம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே விட்டுவிட வேண்டும்.

அன்று இரவே Selective Color லேயரை 43 படத்திலிருந்தும் தூக்கினேன். அண்ணன், அதாவது கடை முதலாளி, “நாளைக்குப் பாத்துக்கலாமே” என்றார். மனசு கேட்கவில்லை. நீலச் சேனலில் வந்த புள்ளிகளுக்கு மட்டும் Camera Raw Filter-இல் Color Noise Reduction-ஐ 25 வைத்தேன். அதற்கு மேல் போனால் குங்குமத்தின் சிவப்பு நெற்றியில் கசியும்.

மறுநாள் அக்காவிடம் அரக்குப் பட்டின் ஜாக்கெட் துணியை எடுத்துவரச் சொன்னேன். மாதிரிக்கு ஒரு பிரிண்ட் போட்டு, கடை விளக்கில் பார்க்காமல் இருவரும் வாசலுக்குப் போய் நிழல் வெளிச்சத்தில் துணியையும் படத்தையும் சேர்த்துப் பிடித்தோம். அரக்கு பொருந்தியது. அம்மாவின் கன்னத்தில் மஞ்சள் இருந்தது. சரிகைக் கரையில் மட்டும், பேரப்பிள்ளைகள் பக்கமாக விழுந்த முந்தானையில், லேசான நீலம் இன்னும் தெரிந்தது.

“இதை மட்டும் இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்க்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அந்த மாஸ்க்கைத் திரும்பத் திறந்தேன்.