ஜூலை 28

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகலாமே தம்பி." நான் சொன்னது அவ்வளவுதான். 2024 மே மாதம் நடுவில், ராஜினாமாக் கடிதத்தை மேலதிகாரிக்கு அனுப்பிய கையோடு அவர் சம்பளப் பிரிவுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார். 45 நாள் நோட்டீஸ், கடைசி நாள் ஜூன் 30. நான் சொன்னதை அவர் விடைகொடுக்கும்போது எல்லோரும் சொல்கிற மரியாதை வார்த்தையாக எடுத்துக்கொண்டார். "இல்லக்கா, ஆடிக்குள்ள ஊருல இருக்கணும். அப்பாவால இனிமே வயல்ல இறங்க முடியாது" என்றார். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

எங்களுடையது தஞ்சாவூரில் மருத்துவக் கோடிங், அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை நோய், சிகிச்சைக் குறியீடுகளாக மாற்றும் வேலை செய்கிற அலுவலகம். அவர் அந்த வேலைக்கான சிபிசி சான்றிதழ் பெற்ற கோடர். கையில் வருவது 38,000, அடிப்படைச் சம்பளம் 24,000. மன்னார்குடிப் பக்கம் 15 மா நிலம். ஒரு வருஷம் வேலையை விட்டு ஒரு சம்பாவை முழுசாகப் பார்த்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புவது அவர் திட்டம். யோசிக்காமல் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. ஏப்ரல் சம்பள உயர்வு போட்ட சீட்டு கைக்கு வந்த பிறகுதான் கடிதம் கொடுத்தார். அடுத்த நிறுவனம் கடைசி மூன்று சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் பேரம் பேசும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பணக் கணக்கில் மட்டும் ஓட்டை இருந்தது. வீட்டுச் செலவு, அப்பாவின் மருந்து, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் சேர்த்து மாதம் 25,000 என்று வைத்து 12 மாதத்துக்கு 3 லட்சம் என்று எழுதியிருந்தார். நான் அதை 15 மாதமாக மாற்றச் சொன்னேன். திரும்பி வந்த அன்றே வேலை கிடைக்காது. தேடவும் தேர்வு எழுதவும் இரண்டு மாதம் போகும். சேர்ந்தாலும் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். ஆக 3,75,000 வேண்டும். கையில் இருந்த வைப்புத்தொகை 2,60,000. குறைவது 1,15,000. நெல் விற்கிற பணத்தை இதில் சேர்க்க வேண்டாம் என்றேன். சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது தை, மாசி ஆகிவிடும். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்ட வேண்டும். சாகுபடிச் செலவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தது, அது தனி.

குறைவதை பிஎஃப் பணத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். வருங்கால வைப்பு நிதியில் 3,10,000 சேர்ந்திருந்தது. அன்றைய விதிப்படி வேலை விட்டு ஒரு மாதமானால் முக்கால் பங்கும், இரண்டு மாதமானால் மீதியும் எடுக்கலாம். அதோடு பென்ஷன் பகுதியையும் 10சி படிவத்தில் கேட்டு எடுத்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் நான் மும்முரமாகத் தடுத்தேன். முந்தைய நிறுவனத்தையும் சேர்த்து அவருடைய பென்ஷன் பணிக்காலம் எட்டு வருஷம் ஏழு மாதம். பத்து வருஷம் ஆனால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. 10சி-யில் பணமாக வாங்கினால் லட்சத்துக்கு மேல் வரும், ஆனால் அந்த எட்டு வருஷம் ஏழு மாதமும் பூஜ்யமாகிவிடும். திரும்பி வந்து முதலிலிருந்து பத்து வருஷம் எண்ண வேண்டும். எடுக்காமல் விட்டால் இன்னும் ஒன்றரை வருஷ வேலையிலேயே தகுதி வந்துவிடும். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் உச்ச சம்பளமான பதினைந்தாயிரத்தைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய், 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க. மேற்கொண்டு வேலை செய்யும் ஒவ்வொரு வருஷத்துக்கும் அது கூடும். அவர் கேட்டுக்கொண்டார். பிஎஃப்பையும் தொடவில்லை.

அடுத்து மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அவர் அப்பாவும் இருந்தார். வயது 63, சர்க்கரை நோய். கடைசி வேலை நாளோடு அந்தப் பாதுகாப்பு போய்விடும். வெளியே புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு வைப்பார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொண்டால் குழுவில் இருந்த வருஷங்களைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் குழுவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனைக்கும் பதிலுக்கும் நாளாகும் என்பதால் நோட்டீஸ் கொடுத்த வாரமே அனுப்பச் சொன்னேன். ஜூன் கடைசிக்குள் பாலிசி கைக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்னேன். வேலையை விட்டுப் போகிறவருக்கு நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எங்களிடம் அவர் சேர்ந்தது 2019 டிசம்பர் 2. ஜூன் 30-ல் நாலு வருஷம் ஏழு மாதம். ஐந்து வருஷம் ஆகவில்லை, அதனால் பணிக்கொடை இல்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார், பெரும்பாலானவர்களும் நினைக்கிறார்கள். ஆனால் அன்று நடைமுறையில் இருந்த பணிக்கொடைச் சட்டத்தின் 2ஏ பிரிவு, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதைத் தொடர்ச்சியான ஒரு வருஷமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமானால் 190 நாள் போதும் என்றது. எங்களுக்கு ஆறு நாள். இதை வைத்து நாலு வருஷம் 240 நாள் ஆனவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்தாம் வருஷத்தின் முதல் நாளான 2023 டிசம்பர் 2-லிருந்து நாட்காட்டியில் எண்ணினால் 240-வது நாள் 2024 ஜூலை 28. தொகை, 24,000-ஐ 26-ஆல் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் 69,231 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை முழு வருஷமாகக் கணக்கிடுவதால்தான் ஐந்து.

அவர் கணக்கில் 28 நாள் விடுப்பு இருந்தது. ஜூலையில் ஞாயிறுகளையும் மொகரம் விடுமுறையையும் கழித்தால் 26 வேலை நாள். ஈட்டிய விடுப்பில் முழுச் சம்பளத்தோடு இருக்கிற நாளை அந்தச் சட்டம் வேலை நாளாகவே எண்ணியது. ஜூன் 30-ல் ஊருக்குப் போய், ஜூலை முழுக்க விடுப்பில் இருந்து, கடைசி நாளை ஜூலை 31 என்று போட்டிருந்தால் ஒரு நாள்கூட அவர் அலுவலகம் வந்திருக்க வேண்டாம். நோட்டீஸ் காலத்தில் விடுப்பு தருவதில்லை என்று பல இடங்களில் விதி உண்டு. எங்களிடம் மேலாளர் ஒப்புக்கொண்டால் தரலாம், இதற்கு முன் இரண்டு பேருக்குத் தந்திருக்கிறோம். அவர் அந்த 28 நாளையும் பணமாக வாங்கினார். அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணக்கிட்டு சுமார் 26,000 வந்தது. அதற்குப் பதில் ஜூலைச் சம்பளம் 38,000-மும் பணிக்கொடை 69,231-ம் வந்திருக்கும். விட்டுக்கொடுத்த விடுப்புப் பணத்தைக் கழித்தாலும் 80,000-க்கு மேல் மிச்சம்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே சொல்லிக்கொள்கிற பதில்கள் இருக்கின்றன. 240 நாளில் ஞாயிறு சேருமா சேராதா என்பதில் தகராறு உண்டு. வேலை நாளை மட்டும் எண்ணினால் செப்டம்பர் நடுவுக்குப் போய்விடும். எங்கள் நிர்வாகம் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் நாலு வருஷம் பத்து மாதத்தில் போன ஒரு பெண்ணுக்குத் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் சொல்லி இவர் காத்திருந்து, கடைசியில் கிடைக்காமல் போனால்? தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டுவிட்டு நடுவில் நடவுக்கு ஓட முடியுமா? இதெல்லாம் பொய்யில்லை.

ஆனாலும் அன்று நான் சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. பென்ஷன், பிஎஃப், காப்பீடு இவற்றில் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நிறுவனம் காசு எடுத்து வைக்க வேண்டிய ஒரே விஷயத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். பிஎஃப்பை எடுக்காதே என்று ஒரு வழியை அடைத்த நான், குறைகிற 1,15,000-க்கு இன்னொரு வழி இருப்பதைக் காட்டவில்லை. அவர் அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து 85,000 வாங்கினார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் மழை பிடித்து, திறந்தது ஜூலை 28. அந்தச் செய்தியைப் படித்தபோது தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலை முழுக்க அவருக்கும் வயலில் வேலை இருந்திருக்காது.

இடைவெளியை அவர் நன்றாகவே நடத்தினார், அதில் எனக்குப் பங்கில்லை. நோய்களுக்கான ஐசிடி கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-லும் மாறும், சிகிச்சைகளுக்கான சிபிடி கோடுகள் ஜனவரி 1-ல் மாறும். ஒரு வருஷம் வெளியே இருப்பவர் இரண்டு மாற்றத்தையும் தவறவிடுகிறார். நேர்முகத்தில் தருகிற தேர்வுத்தாள் அந்த வருஷக் கோடில்தான் இருக்கும், பழைய கோடைப் போட்டால் அனுபவம் எத்தனை வருஷம் என்றாலும் மதிப்பெண் விழாது. இவர் மோட்டார் கொட்டகையில் கட்டில் போட்டு, மடைக்குத் தண்ணீர் போகிற நேரத்தில் சேர்த்த கோடு, நீக்கிய கோடு என்று இரண்டு பத்தியாக ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். பக்க ஓரமெல்லாம் சேற்று விரல் தடம். சிபிசி சான்றிதழுக்கு இரண்டு வருஷத்தில் 36 கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும். அதையும் உறுப்பினர் கட்டணத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டார். சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் பேச்சு சம்பளம் வரைக்கும் வந்திருக்காது.

2025 செப்டம்பரில் திருச்சியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார், அதே 38,000-க்கு. இங்கே அவரோடு இருந்தவர்கள் ஒரு ஏப்ரல் உயர்வு வாங்கி 41,000-ல் இருக்கிறார்கள். இழக்கவில்லை என்றும் சொல்லலாம், மாதம் மூவாயிரம் இழந்தார் என்றும் சொல்லலாம். இரண்டாவது ஏப்ரலில் எப்படி வருகிறதோ.

சேர்ந்த கொஞ்ச நாளில் போன் செய்தார், பழைய பிஎஃப் கணக்கைப் புது நிறுவனத்துக்கு மாற்ற. விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் மாற்றம் நிற்கும் என்றேன். ஜூன் 30 என்று நான்தான் பதிந்திருந்தேன். சங்கிலியை மீட்டாகிவிட்டது என்றார். அப்பா கைத்தடியோடு வரப்பு வரைக்கும் வருகிறாராம். போனை வைக்கப் போகும்போது, "வேற ஏதாவது நம்ம பக்கம் விட்டுப்போச்சாக்கா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி" என்றேன்.